100 யூனிட் இலவசம்: உங்க பில்லுல வருதா, ஹவுஸ் ஓனர் பாக்கெட்டுக்குப் போகுதா?

சம்பளம் வந்ததும் வாடகை, இஎம்ஐ, எஸ்ஐபி எல்லாத்துக்கும் கணக்கு வைக்கிறோம். ஆனா ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை ஹவுஸ் ஓனர் "கரண்ட் பில் 1,900 ஆச்சுப்பா"ன்னு சொன்னா, பெரும்பாலானவங்க அடுத்த நிமிஷமே ஜிபே பண்ணிடுறோம். பில்லைக் காட்டுங்கன்னு கேக்கறதே இல்ல. தமிழ்நாட்டுல ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். அது 2016 மே 23-ல ஜெயலலிதா முதல்வரா பொறுப்பேத்த அன்னிக்கு கையெழுத்தான உத்தரவு. நீங்க வாடகை வீட்டுல இருந்தா, அந்த 100 யூனிட் உங்களுக்கு வருதான்னு ஒரே ஒரு தடவையாவது பார்த்திருக்கீங்களா?

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்தத் திட்டத்துல தகுதி பார்க்கப்படறது குடும்பத்தை வச்சு இல்ல, மீட்டரை வச்சு. அதனால தனி மீட்டர் இல்லாத வாடகைதாரர்கள்தான் அதிகம் இழக்கிறாங்க. எவ்வளவு இழக்கிறாங்கன்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதுக்கு முன்னாடி பில்லைப் படிக்கத் தெரியணும்.

பில்லுல இலவசம் எப்படித் தெரியும்?

ஈபி பில்லுல "உங்களுக்கு 100 யூனிட் இலவசம்"னு கொட்டை எழுத்துல எதுவும் இருக்காது. ரீடிங் எடுக்க வர்றவர் வெள்ளை அட்டையில தேதி, ரீடிங், யூனிட், கட்ட வேண்டிய தொகை இவ்வளவுதான் எழுதுவார். இலவசம், மானியம் எல்லாம் கழிச்ச பிறகு வர்ற தொகை அது. ஆன்லைன்ல பார்த்தா கொஞ்சம் விவரமா இருக்கும். மின் கட்டணக் கால்குலேட்டர்ல ஸ்லாப் வாரியா பிரிச்சுக் காட்டும்போது, முதல் வரியில 1 முதல் 100 வரைக்கும் விலை பூஜ்யம்னு இருக்கும். அந்தப் பூஜ்யம்தான் உங்க இலவசம்.

2024 ஜூலை 1-ல இருந்து வீட்டு இணைப்புக்கு வந்த விலைகள் இவை. 2025 ஜூலையில வந்த கட்டண உயர்வை வீட்டு இணைப்புகளுக்கு அரசே ஏத்துக்கிட்டதால, அப்பவும் நாம கட்டுற விலை மாறல.

ரெண்டு மாசத்துல மொத்தம் 500 யூனிட் வரைக்கும் ஓடினா:

- முதல் 100 யூனிட்: 0
- 101 முதல் 200 வரை: யூனிட்டுக்கு 2.35 ரூபாய்
- 201 முதல் 400 வரை: 4.70 ரூபாய்
- 401 முதல் 500 வரை: 6.30 ரூபாய்

உதாரணத்துக்கு 240 யூனிட் ஓடியிருக்குன்னு வைங்க. முதல் 100-க்கு ஒண்ணும் இல்ல. அடுத்த 100-க்கு 235 ரூபாய். மிச்சம் 40 யூனிட்டுக்கு 188 ரூபாய். மொத்தம் 423 ரூபாய். சராசரியா பார்த்தா ஒரு யூனிட்டுக்கு ரெண்டு ரூபாய் கூட ஆகல. இந்த 423-ஐ மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு.

இங்க இன்னொரு விஷயம் கவனிங்க. 101 முதல் 200 வரைக்கும் 2.35 ரூபாய்ங்கறதும் ஒரு சலுகைதான். 4.70-ல சரிபாதி. அதாவது 500-க்குள்ள இருக்கிற வீட்டுக்கு முதல் 100-ல 470 ரூபாய், ரெண்டாவது 100-ல 235 ரூபாய், ஆக 705 ரூபாய் மிச்சம். பேப்பர்ல பேசப்படறது முதல் 100 மட்டும்தான். ரெண்டாவது 100-ஐப் பத்தி யாரும் பேசறதில்ல. ஆனா கை நழுவிப் போறது அந்த ரெண்டாவதுதான்.

500 தாண்டினா என்ன ஆகும்?

"500 யூனிட் தாண்டிட்டா இலவசம் போயிடும்"னு நிறைய பேர் சொல்றாங்க. அது தப்பு. முதல் 100 யூனிட் நீங்க எவ்வளவு ஓட்டினாலும் இலவசம்தான். போறது ரெண்டாவது 100-க்கான பாதி விலை. 500-க்கு மேல போன உடனே 101 முதல் 400 வரை மொத்தமும் 4.70 ஆகிடும். 401 முதல் 500 வரை அதே 6.30. 501 முதல் 600 வரை 8.40.

கோடையில ரெண்டு வீடுகளை எடுத்துக்கலாம். ஒரு வீட்டுல 490 யூனிட். பில் 235 + 940 + 567 = 1,742 ரூபாய். பக்கத்து வீட்டுல 510 யூனிட். பில் 1,410 + 630 + 84 = 2,124 ரூபாய். வெறும் 20 யூனிட் வித்தியாசத்துக்கு 382 ரூபாய் கூட. அதுல 235 ரூபாய், கை நழுவிப் போன பாதி விலைச் சலுகை. மிச்சம்தான் அந்த 20 யூனிட்டோட உண்மையான விலை.

ரீடிங் எடுத்து ஒன்றரை மாசம் ஆனப்போ மீட்டர்ல 400 ஓடியிருந்தா, அடுத்த பதினஞ்சு நாள் கொஞ்சம் ஏசியைப் பார்த்து ஓட்டறதுல அர்த்தம் இருக்கு. ஆனா 560-ல இருக்கிறவர் பதறி 20 யூனிட் குறைச்சா அந்த 235 திரும்ப வராது. எந்த இடத்துல இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுக் குறைங்க.

இன்னொண்ணு, பயன்படுத்தாத இலவச யூனிட் அடுத்த பில்லுக்குப் போகாது. ஊருக்குப் போயிட்டு வந்து 60 யூனிட்தான் ஓடியிருந்தா பில் பூஜ்யம். மிச்ச 40 அதோட முடிஞ்சுது.

தகுதி எப்படிப் பார்க்கிறாங்க?

மத்த மாநிலத்தோட ஒப்பிட்டா இங்க ரொம்ப எளிமை. கர்நாடகாவுல க்ருஹ ஜோதி திட்டத்துக்கு சேவா சிந்து போர்ட்டல்ல தனியா பதிவு பண்ணணும். முந்தைய வருஷம் எவ்வளவு ஓட்டினீங்கங்கற சராசரியை வச்சுத்தான் உங்க இலவச அளவு முடிவாகும். தமிழ்நாட்டுல விண்ணப்பமும் கிடையாது, வருமான வரம்பும் கிடையாது. நீங்க மாசம் 20,000 வாங்கினாலும் 2 லட்சம் வாங்கினாலும் முதல் 100 யூனிட் ஒண்ணுதான். அப்போ எதைத்தான் பார்க்கிறாங்க?

முதல்ல, இணைப்போட வகை. பில்லுல டாரிஃப்னு ஒரு குறியீடு இருக்கும். வீட்டு இணைப்புன்னா 1A. அந்த எழுத்து இருந்தாதான் இலவசம். அபார்ட்மென்ட்ல லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு லைட்டுக்கு இருக்கிற பொது மீட்டருக்கு 1D. அதுல இலவசம் கிடையாது, விலையும் அதிகம். வீடு கட்டும்போது வாங்கின தற்காலிக இணைப்புக்கும் கிடையாது. புதுசா கட்டின வீட்டுக்கு வாடகைக்குப் போனா, தற்காலிக இணைப்பை வீட்டு வகைக்கு மாத்திட்டாங்களான்னு பில்லுல பாருங்க. மாத்தலைன்னா முதல் யூனிட்ல இருந்தே பணம் ஓடும்.

ரெண்டாவது, ஆதார். 2022 நவம்பர்ல மின் இணைப்பு எண்ணோட ஆதாரை இணைக்கச் சொன்னாங்க. கெடு பல தடவை தள்ளிப் போய் 2023 பிப்ரவரி 28-ல முடிஞ்சுது. அப்போ ஊர் முழுக்க ஒரு பயம் இருந்துச்சு: ஒருத்தர் பேர்ல மூணு இணைப்பு இருந்தா ஒண்ணுக்குத்தான் இலவசம் வரும்னு. அப்போ மின்துறை அமைச்சரா இருந்த செந்தில் பாலாஜி, எத்தனை இணைப்பு இருந்தாலும் 100 யூனிட் தொடரும்னு சொன்னார். அந்தப் பக்கத்துல வீட்டுக்காரரா, வாடகைதாரரான்னு கேட்டு, குடியிருக்கிறவரோட ஆதாரையே இணைக்கவும் வழி இருந்துச்சு. சில ஹவுஸ் ஓனர்கள் "வாடகைதாரர் ஆதாரை இணைச்சா வீடு அவங்க பேருக்குப் போயிடும்"னு பயந்தாங்க. மின் இணைப்புல ஆதார் சேர்க்கறதுக்கும் சொத்து உரிமைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல.

மூணாவது, ஒரே வீட்டுல ரெண்டு மீட்டர். ஒரே குடும்பம், ஒரே சமையலறை, ஆனா ரெண்டு மீட்டர் வச்சு ரெண்டு தடவை 100 யூனிட் வாங்கறாங்கன்னா, அது ரெண்டையும் ஒண்ணாக்க வேண்டிய கேஸ். இது கம்ப்யூட்டர்ல தெரியாது. ஈபி ஆள் நேர்ல வந்து பார்க்கணும். தனித்தனி குடியிருப்பா, வயரிங் தனித்தனியா பிரிஞ்சிருக்கா, யார் யார் குடியிருக்காங்கன்னு பார்ப்பாங்க. மேல் மாடியில உண்மையிலேயே வேற குடும்பம் வாடகைக்கு இருந்தா பயப்பட ஒண்ணும் இல்ல. வாடகை ஒப்பந்தம்தான் அதுக்கு முதல் ஆதாரம்.

இந்த மூணு சோதனையையும் திரும்பப் படிங்க. மூணுமே மீட்டரைச் சுத்தித்தான். "இந்த மீட்டருக்குப் பின்னாடி எத்தனை குடும்பம் இருக்கு?"ங்கற கேள்வி, ஒரு குடும்பம் ரெண்டு மீட்டர் வச்சிருந்தா மட்டும்தான் எழுது. மூணு குடும்பம் ஒரே மீட்டர்ல இருந்தா யாரும் கேக்கறதில்ல. அரசுக்கு அதுல நஷ்டம் இல்லையே!

சப்மீட்டர் வீடு: முழுக் கணக்கு

இப்போ நம்ம ஊர்கள்ல சர்வ சாதாரணமா பார்க்கிற ஒரு வீட்டை எடுத்துக்குவோம். கீழே ஹவுஸ் ஓனர், மேலே வாடகைக்கு நீங்க. ஈபி மீட்டர் ஒண்ணுதான். மேல் மாடிக்கு ஓனர் கடையில வாங்கி மாட்டின சப்மீட்டர். "யூனிட்டுக்கு 8 ரூபாய்"னு முதல் நாளே பேசியாச்சு.

ரெண்டு மாசத்துல அவங்க 280 யூனிட், நீங்க 240 யூனிட். மெயின் மீட்டர்ல மொத்தம் 520. ஈபி பில் வருது:

- முதல் 100: 0
- 101–400: 300 × 4.70 = 1,410
- 401–500: 100 × 6.30 = 630
- 501–520: 20 × 8.40 = 168
- மொத்தம்: 2,208 ரூபாய்

நீங்க ஓனர்கிட்ட கொடுக்கறது 240 × 8 = 1,920 ரூபாய். அவர் கையில இருந்து போடறது 288 ரூபாய். 280 யூனிட்டுக்கு 288 ரூபாய்! நீங்க அவரை விடக் குறைச்சுத்தான் ஓட்டியிருக்கீங்க. ஆனா வீட்டோட மொத்த பில்லுல 87 சதவீதம் உங்க சம்பளத்துல இருந்து போகுது. அரசு கொடுத்த 100 யூனிட் இலவசமும் உங்க பக்கம் வரவே இல்ல.

இதே வீட்டுல தனித்தனி ஈபி இணைப்பு இருந்தா? உங்க 240 யூனிட்டுக்கு, முன்னாடி பார்த்த அதே 423 ரூபாய். அவங்க 280-க்கு 235 + 376 = 611 ரூபாய். ரெண்டு வீடும் சேர்ந்து 1,034. இப்போ ஒரே மீட்டர்ல 2,208. ஏன் இவ்வளவு வித்தியாசம்? ரெண்டு காரணம். ரெண்டு 100 யூனிட் இலவசம் ஒண்ணாச் சுருங்கிப் போச்சு. ரெண்டு குடும்பத்தோட ஓட்டத்தையும் கூட்டினதால 500-ஐத் தாண்டி, பாதி விலைச் சலுகையும் போய், உயர்ந்த ஸ்லாபும் வந்துடுச்சு.

உங்க கணக்குல மட்டும் பார்த்தா 1,920-க்கும் 423-க்கும் உள்ள வித்தியாசம் 1,497 ரூபாய். வருஷத்துக்கு ஆறு பில். 8,982 ரூபாய். மாசம் 750 ரூபாய் எஸ்ஐபி போட காசில்லன்னு சொல்றவங்க, அந்த 750 எங்க போகுதுன்னு இங்க பாருங்க.

ஓனர் பக்கம் நியாயமே இல்லையான்னு கேட்டா, கொஞ்சம் இருக்கு. புது இணைப்புக்குச் செலவு இருக்கு, வயரிங் பிரிக்கணும், ஈபி ஆபீசுக்கு அலையணும். மொட்டை மாடித் தண்ணி மோட்டார் அவர் மீட்டர்ல ஓடலாம். அதையெல்லாம் பில்லுல பங்கா போட்டுக் கேட்கட்டும். ஆனா 8 ரூபாய் ஃப்ளாட் ரேட்டுங்கறது செலவைப் பங்கு போடறது இல்ல. அது வாடகையோட இன்னொரு பகுதி. ஒப்பந்தத்துல எழுதாத வாடகை.

அப்போ என்ன பண்ணலாம்?

வீடு பார்க்கப் போகும்போதே கேக்க வேண்டிய கேள்வி, "கரண்ட் எவ்வளவு ஆகும்?" இல்ல. "இந்த போர்ஷனுக்குத் தனி ஈபி நம்பர் இருக்கா?" இருக்குன்னா அந்த இணைப்பு எண்ணை வாங்கி ஒப்பந்தத்துல எழுதுங்க. ஓனர் கட்டிட்டு உங்ககிட்ட வாங்கறதுக்குப் பதிலா, நீங்களே ஆன்லைன்ல நேரா கட்டுங்க. அப்போ இலவசம் தானா உங்க கைக்கு வந்துடும், யாரும் நடுவுல நிக்க முடியாது. குடிபோற அன்னிக்கு மீட்டரை ஒரு போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. ரெண்டு மாச பில்லுல பாதி முந்தைய வாடகைதாரர் ஓட்டினதா இருக்கலாம். அந்த போட்டோ இல்லாம அதைப் பிரிக்கவே முடியாது.

தனி நம்பர் இல்ல, சப்மீட்டர்தான்னா, தனி இணைப்பு வாங்கச் சொல்லிக் கேளுங்க. "ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பில்லுக்கு 1,174 ரூபாய் மிச்சம்"னு மேலே போட்ட கணக்கைக் காட்டுங்க. இப்போதைக்கு 8 ரூபாய் வர்றதால அவருக்கு அந்த மிச்சம் தெரியாது. ஆனா வீடு காலியா கிடக்கிற மாசங்கள்லயும், அடுத்து வர்ற வாடகைதாரர் கேள்வி கேக்கும்போதும் தனி இணைப்பு அவருக்கும் நல்லதுதான்.

அதுவும் நடக்கலைன்னா, குறைந்தபட்சம் பில்லை யூனிட் விகிதத்துல பிரிக்கக் கேளுங்க. மேலே பார்த்த வீட்டுல 2,208-ஐ 520-ஆல வகுத்து 240-ஆல பெருக்கினா 1,019 ரூபாய். 1,920-ஐ விட 901 ரூபாய் கம்மி. இதுல இலவசமும் ரெண்டு பேருக்கும் அவங்கவங்க ஓட்டத்துக்கு ஏத்த மாதிரி பிரிஞ்சிடும். எந்த ஓனரும் "இது அநியாயம்"னு சொல்ல முடியாத கணக்கு இது. அதுக்குத் தேவை ரெண்டே விஷயம்: மெயின் மீட்டர் பில், உங்க சப்மீட்டரோட பழைய, புது ரீடிங்.

தனி இணைப்பு இருந்தும் பில் சரியில்லன்னு தோணினா, முதல்ல மீட்டர்ல இப்போ இருக்கிற எண் பில்லுல இருக்கிறதை விடக் கூடவா இருக்கான்னு பாருங்க. பில்லுல இருக்கிறது கூடவா இருந்தா ரீடிங் தப்பு. அடுத்து, பில்லுல டாரிஃப் 1A தானான்னு பாருங்க. ரெண்டுல எது தப்பா இருந்தாலும் மின்னகத்துக்கு, 94987 94987, போன் பண்ணிப் புகார் எண் வாங்கிக்கோங்க. ஆனா சப்மீட்டர் சண்டைக்கு ஈபி வராது. அவங்க கணக்குல நீங்க நுகர்வோரே இல்ல.

என் கருத்து

இலவசத்துக்கு வருமான வரம்பு வைக்கணும்னு சிலர் சொல்றாங்க. நான் ஒத்துக்கல. கோடிக்கணக்கான வீட்டோட வருமானத்தைச் சரிபார்க்கிற வேலையே ஒரு தனிச் செலவு. அதுவும் போக, அதிகம் ஓட்டறவங்க அதிகம் கட்டற மாதிரி ஸ்லாப் ஏற்கனவே இருக்கு.

திருத்த வேண்டியது வேற இடம். ரெண்டு ஃப்ளாட் வாங்கி ஒண்ணைப் பூட்டி வச்சிருக்கிறவருக்கு ரெண்டு 100 யூனிட் உரிமை இருக்கு. ஒரே மீட்டருக்குப் பின்னாடி வாடகை கொடுத்து வாழற மூணு குடும்பத்துக்கு ஒண்ணே ஒண்ணு. ஒரு வீட்டுல ரெண்டு மீட்டர் இருக்கான்னு தேடிப் போறவங்க, ஒரு மீட்டர்ல மூணு வீடு இருக்கான்னும் பார்க்கட்டும். அப்படி இருந்தா, வாடகை ஒப்பந்தத்தை வச்சே குடியிருக்கிறவர் தனி இணைப்பு கேக்கற வழியை எளிமையாக்கட்டும். அது வரைக்கும் உங்க 100 யூனிட்டை நீங்கதான் கேட்டு வாங்கணும். இந்தத் தடவை ஓனர் தொகையைச் சொன்னதும் ஜிபே திறக்காதீங்க. "அண்ணா, பில்லோட ஒரு போட்டோ அனுப்புங்க"ன்னு கேளுங்க.